எங்க இறங்கறது?

மழைக்காலத்தில் ஏற்காட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கே மேகம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். எதிரே நிற்கிற சில்வர் ஓக் மரம் கூடத் தெரியாது. காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற எனக்கு அதற்கு மேல் போக்கிடம் கிடையாது. லீவுக்கு வந்த மகன் பரிதாபப்பட்டு என் போனில் பி.ஜி.எம்.ஐ. விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான்.

நூறு பேர் விமானத்திலிருந்து குதித்து, கடைசிவரை உயிரோடு இருப்பவர்கள் ஜெயிக்கிற ஆட்டம். நாலு பேர் ஒரு ஸ்குவாட். தனியாளாகப் போனால் மீதி மூன்று பேரை அதுவே எங்கிருந்தாவது பிடித்துச் சேர்த்துவிடும். விமானம் ஏறுவதற்கு முன்னால் எல்லோரையும் ஒரு தீவில் கொஞ்ச நேரம் சும்மா நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் மைக்கைத் திறந்து அறிமுகம் ஆகிக்கொள்ள வேண்டும். எனக்குத் துப்பாக்கி இரண்டே நாளில் கைவந்தது. முதல் வார்த்தை கைவர இரண்டு மாதம் ஆனது.

முதல் நாள், ஆபீஸ் குரலில், "வணக்கம்" என்றேன். இரண்டு பேர் மைக்கை அணைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் கிசுகிசுத்தான்: "மச்சி, யார் வீட்டு அப்பாவோ போனைப் புடுங்கிட்டாரு."

தமிழில் இதுதான் சங்கடம். ஆங்கிலத்தில் 'யூ' என்றால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் சேர்த்தே ஆகிவிடும். நமக்கு 'வா'வா 'வாங்க'வா என்று முடிவு செய்யாமல் வாயே திறக்க வராது. அதற்கு எதிராளியின் வயது தெரியவேண்டும். இங்கேயோ முகம் கிடையாது, மீசை கிடையாது. எல்லோரும் ஒரே மாதிரி ஹெல்மெட் போட்டவர்கள்.

குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். கீச்சென்று பேசிய ஒருவரை, "தம்பி, பார்த்து ஓடு" என்றேன். "எனக்குப் பேரன் இருக்கான் சார். ஜலதோஷம்" என்றார். மறுநாள் கட்டைக்குரல் ஒன்றுக்கு மரியாதையாக "அண்ணே" போட்டேன். அண்ணனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "டேய், எட்டாம் வகுப்பு கணக்கு நோட்டு எங்கடா?"

சரி, நேராகவே கேட்டுவிடுவோம் என்று, "எந்த ஊரு? என்ன படிக்கறீங்க? வயசு என்ன?" என்று ஆரம்பித்தேன். சேலம் பஸ்ஸில் இருபது கொண்டைஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் பக்கத்து சீட்டில் இதையெல்லாம் கேட்காவிட்டால்தான் தப்பு. இங்கே ஒரு பொடியன், "தெரியாதவங்க இதெல்லாம் கேட்டா வெளிய வந்துடணும்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தை விட்டே போய்விட்டான். முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், அந்த அம்மா சொன்னதுதான் சரி. பிள்ளைகளை வலையில் விழவைக்க நினைக்கிறவனும் இதே மூன்று கேள்வியைத்தான் இதே பாசத்தோடு கேட்பான். பஸ்ஸில் என் நரையைப் பார்க்கலாம். இங்கே என்னை எதை வைத்து நம்புவது?

மகன் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தான்: "எல்லாரையும் ப்ரோனு கூப்பிடுங்கப்பா." ஐம்பத்துமூன்று வயதில் வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். வயதும் ஊரும் ஒட்டாத நல்ல வார்த்தைதான். இந்தி பேசுகிறவருக்கும் புரிந்தது. ஒரு நாள், "நான் ப்ரோ இல்லீங்க, சிஸ்" என்று பதில் வரும்வரை நன்றாகவே ஓடியது.

கடைசியில் வழி தமிழிலேயே இருந்தது. கல்யாண வீட்டில் முறை தெரியாத சொந்தக்காரரிடம் 'சாப்பிட்டீங்களா', 'சாப்பிட்டியா' இரண்டையும் விட்டுவிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்போமே, அதுதான். அந்த வார்த்தையில் ஆளே கிடையாது, வேலை மட்டும்தான். அன்றிலிருந்து என் தொடக்கம் இரண்டே கேள்வி: "மைக் கேக்குதா? எங்க இறங்கறது?"

உடனே பதில் வந்தது. ஒரு குரல் "போச்சிங்கி" என்றது. அங்கே போனால் பாதிப் பேர் மேலே வந்து விழுவார்கள் என்று அடித்துச் சொன்னது இன்னொன்று. மூன்றாவது ஆள் பேசவே இல்லை. மேப்பில் ஓரமாக ஒரு ஊரில் குறி போட்டார். நாலு பேரும் அங்கேயே குதித்தோம். யார் பெரியவர், யார் சின்னவர் என்று கடைசிவரை தெரியவில்லை. என்னைக் குண்டடியிலிருந்து மூன்று முறை தூக்கிவிட்டவர் பால்வாடியா பென்ஷனா என்று இன்றுவரை தெரியாது.

பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது:

"கேக்குதா? சாப்பிட வர்றதா, இல்லையா?"

இருபத்தாறு வருஷமாக என்னை வா என்றும் சொல்லாமல் வாங்க என்றும் சொல்லாமல் என் மனைவி ஓட்டிக்கொண்டிருக்கிற வண்டி அது. மைக் திறந்தே இருந்தது. ஸ்குவாட்டில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்:

"ப்ரோ, லீடர் கூப்பிடறாங்க. மொதல்ல அங்க இறங்குங்க."