முப்பது நாள் மேஸ்திரி

ஷார்ஜாவில் நான் கட்டட ஃபோர்மேன். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அறையாகச் சுற்றி வந்து, எந்தக் கதவு உரசுகிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது என்று எழுதுவதும் என் வேலைதான். சைட்டில் அதற்கு ஸ்னாக் லிஸ்ட் என்று பேர். பதினோரு மாதம் அதையே செய்துவிட்டு முப்பது நாள் லீவில் பட்டுக்கோட்டைக்கு வருகிறவன், கண்ணை மட்டும் அங்கே கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா?

முதல் லீவில், வந்த மறுநாள் காலை, காபி ஆறுவதற்குள் வீட்டில் பதினான்கு குறை கண்டுபிடித்தேன். எண்ணெய்த் தூக்கு அடுப்புக்குப் பக்கத்தில், பருப்பு டப்பா எட்டாத தட்டில். மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் அடுக்களையை முழுக்க மாற்றி அடுக்கினேன். சாயங்காலம் அவள் புளியைத் தேடினாள். கோபப்படவில்லை. "இந்த அடுக்கு எத்தனை நாளைக்குங்க?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "நீங்க ஏறிப்போனதும் நான் மறுபடி மாத்தணும்ல, அதான் கேட்டேன்."

மகள் இன்னும் மேல். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட ஆசையாகப் பேனாவை எடுத்தேன். "வேணாம்ப்பா, கையெழுத்து மாறினா மிஸ் கேப்பாங்க" என்று அட்டையை இழுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டாள். சம்பளம் அனுப்புகிறவன் என்ற கெத்து அந்த இடத்தில் சரிந்தது.

கேத்லீன் வெஸ்டல் லோகன் என்ற அமெரிக்கப் பெண்மணி, கப்பலேறிப் போகும் கடற்படைக்காரர்களின் மனைவிமார் மனநிலையை ஏழு கட்டமாகப் பிரித்து 1987-ல் எழுதியிருக்கிறார். புருஷன் திரும்பி வந்ததும் வரும் கட்டத்துக்கு அவர் வைத்த பெயர், கல்யாண ஒப்பந்தத்தை மறுபடி பேசி முடிப்பது. படித்தபோது சிரிப்பு வந்தது. என் கம்பெனி ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். இதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அதுவும் சம்பள உயர்வு கேட்க முடியாத பக்கம் உட்கார்ந்துகொண்டு.

அப்படிப் பேசி முடித்ததில் சில ஷரத்துகள் தேறின. முதல் ஐந்து நாள் நான் வீட்டில் எந்தப் பொருளையும் இடம் மாற்றக் கூடாது. கேள்வி கேட்கலாம், "ஏன் இப்படி வச்சிருக்கே?" என்பது கேள்வியில் சேராது. (எண்ணெய் ஏன் அடுப்புப் பக்கத்தில் இருக்கிறது என்று ஐந்து நாள் சும்மா இருந்து பார்த்தேன். தோசை ஊற்றும்போது தானாகப் புரிந்தது.) அதற்குப் பதில் ஒரு வேலை முழுசாக என் கைக்கு வரும். போன வருடம், காலையில் மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது. முழுசாக என்றால், வாட்டர் பாட்டில் மறந்தாலும் திட்டு எனக்குத்தான். கூடமாட உதவுகிறேன் என்று எல்லா வேலையிலும் கை வைத்த வருடங்களைவிட இதில் சண்டை குறைவு.

சொந்தக்காரர்களுக்கு, நான் இறங்கும் தேதியை இரண்டு நாள் தள்ளிச் சொல்கிறோம். அந்த இரண்டு நாளும் வாசல் பக்கம் தலை காட்டாமல், கடன்காரன் மாதிரி உள்ளேயே கிடப்பேன்.

பணப் பேச்சுக்குப் பத்தாம் நாள். முன்பெல்லாம் வந்த அன்றே பெட்டி பிரிப்பதற்குள் "நகையை எதுக்கு வச்சே?" என்று ஆரம்பிப்பேன், அல்லது கிளம்பும் முந்தின நாள். இரண்டுமே தப்பு. முதல் நாள் கேட்டால் விசாரணை, கடைசி நாள் கேட்டால் அந்த வார்த்தை பதினோரு மாதம் போனிலேயே ஊறும். அங்கே நான் ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு அறைக்கு வந்தால் இங்கே எட்டரை. வீட்டுப்பாடமும் குக்கர் விசிலுமாக இருக்கும் வேளையில் எந்தச் சமாதானம் எடுபடும்? பத்தாம் நாள் பேசினால், முறைத்துக்கொண்டு ஒரு வாரம் போனாலும் சேர்ந்துகொள்ள இன்னும் பதிமூன்று நாள் மிச்சம்.

ஆனால் இருபத்தாறாம் நாள் சண்டைக்கு மட்டும் ஷரத்துப் போட முடியவில்லை. பெட்டி இறங்கியதும் அது வந்துவிடும். கோபத்தோடு பிரிவது அழுகையோடு பிரிவதைவிடச் சுலபம் என்பதால் அப்படி வருகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். போன தடவை அது ஊறுகாயைப் பற்றி. முப்பது கிலோதான் ஏற்றுவார்கள், பெட்டி முப்பத்தொன்றரை காட்டியது. ஊறுகாயை எடு என்றேன் நான். அப்போ இங்கேயே இருங்க என்றாள் அவள். இரண்டு பேரும் காலண்டரைப் பார்த்தோம், தேதி சரியாகத்தான் இருந்தது.

திருச்சி விமான நிலைய வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. "போய்ச் சேந்ததும் பெட்டியைப் பாத்துப் பிரிங்க. உங்க ஷூவை எடுத்துட்டு ஊறுகாயை வச்சிருக்கேன்."