தூரமா?

நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்கு எங்கள் தெரு வழியாகப் போகிற எவரும் 'வாங்க' தாத்தாவுக்கு வரி கட்டாமல் தப்ப முடியாது. காசு வேண்டாம். ஒரு தலையசைப்பு, கூடவே 'ம்' என்றோ 'ஆச்சுங்க' என்றோ ஒரு சத்தம் போதும். காலை ஆறு மணிக்குத் திண்ணையில் துண்டை விரித்து உட்கார்ந்தால், கொசு எழுப்பும்வரை வசூல் நடக்கும்.

'எங்கே போறீங்க?' என்று மட்டும் கேட்கமாட்டார். போகிறவரை அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது. ஆகவே 'தூரமா?' பை காலியாக இருந்தால் 'மார்க்கெட்டா?' நிறைந்து திரும்பினால் 'என்ன மீன்?' பத்து மணிக்கு முன் 'காபி ஆச்சா?', பிறகு 'சாப்டாச்சா?' பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவருக்கு மட்டும் 'போன்ழூர் முசே!' இருட்டிய பிறகு 'போன்சுவார்' சொல்ல வேண்டும் என்று முசே பத்து வருஷம் திருத்திப் பார்த்தார். கடைசியில் அவரும் ராத்திரி எட்டு மணிக்குப் 'போன்ழூர்' சொல்லப் பழகிக்கொண்டார்.

கேட்பதெல்லாம் கேள்விகள். பதில்தான் கூடாது. 'தூரமா?' என்றால் 'இல்லீங்க, இதோ இப்படி' என்பதே முறையான விடை. அந்த 'இப்படி' பக்கத்துச் சாரமாகவும் இருக்கலாம், பாரீஸாகவும் இருக்கலாம். இது தெரியாமல் புதிதாகக் குடிவந்த கணக்கு வாத்தியார் ஒருநாள் 'சாப்டாச்சா?'வுக்கு நின்று, நாலு இட்லியில் ஒன்று வேகவில்லை என்று விவரிக்கத் தொடங்கிவிட்டார். அவர் சட்னிக்கு வருவதற்குள் பின்னால் ஏழு பேர் விசாரிக்கப்படாமலே கடந்துபோனார்கள். மறுநாள் முதல் வாத்தியாருக்கு வெறும் தலையசைப்புதான்.

தாத்தாவின் அமோக விளைச்சல் ரோடியர் மில் ஓடிய காலத்தில். ஏ.எஃப்.டி. என்று போர்டு மாறியும் எங்களுக்கு அது ரோடியர்தான். சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்து சைக்கிள்கள் சாரிசாரியாக வரும். திண்ணைக்கு அப்போது மூன்று படி. அதில் உட்கார்ந்தால் சைக்கிளில் வருபவன் கண்ணும் தாத்தா கண்ணும் நேருக்கு நேர். ஒரு 'வாங்க'வை நீட்டி இழுத்து ஐந்து பேருக்குப் பங்கிடுவார். ஐவரும் தனக்கென்றே நினைத்துக்கொள்வார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் மில்லைச் சாய்த்தது. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி ஒரேயடியாகப் பூட்டினார்கள். தாத்தாவின் மொத்த வியாபாரம் போய்ச் சில்லறை வியாபாரம் மிஞ்சியது.

அதையும் ரோடு கெடுத்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார். ஒவ்வொரு தடவையும் நாலு விரற்கடை. முதல் படி புதைந்தது, அடுத்த தடவைகளில் இரண்டாவதும். இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது. தாத்தா அதே திண்ணையில் அதே துண்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் எதிரே வருவது முகம் இல்லை, முழங்கால். சில முழங்கால்களை அவருக்கு அடையாளம் தெரிகிறது என்பது வேறு விஷயம்.

நிமிர்ந்து பார்த்தால் ஹெல்மெட். 2019 பிப்ரவரியில் நெல்லித்தோப்பு எம்.எல்.ஏ.வான முதல்வர் நாராயணசாமி, கவர்னர் கிரண் பேடியை எதிர்த்து ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தார். ஏகப்பட்ட புகார்கள், அவற்றில் ஹெல்மெட் கெடுபிடியும் ஒன்று. தாத்தாவுக்கு மற்றவை பற்றி அபிப்பிராயம் இல்லை. "மூஞ்சி தெரியணும்னு ஒருத்தராவது உக்காந்தாரே" என்றார்.

ஹெல்மெட் போடாதவர்கள் காதில் எதையோ செருகியிருக்கிறார்கள். ஒரு பையனிடம் 'சாப்டாச்சா?' என்றார். "நீ மொதல்ல பணத்த அனுப்பு" என்று வந்தது பதில். இரண்டு நாள் தாத்தா குழம்பிப்போயிருந்தார். பார்சல் கொண்டுவரும் பையன்களோ நிற்கிறார்கள், ஆனால் அவர்களே கேள்வி கேட்கிறார்கள். "பெருசு, இருபத்தஞ்சாம் நம்பர் எது?" தாத்தாவுக்குத் தெருவில் வீடுகள் தெரியும், நம்பர் தெரியாது.

எதிர்வீட்டுத் திண்ணையை இடித்து நாலு மாடி எழுப்பினார்கள். கீழே கார்கள், கார்களுக்குக் காவலாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு வாட்ச்மேன். தாத்தா பழக்கதோஷத்தில் 'சாப்டாச்சா?' என்றார். அவன் எழுந்து வந்து, "இல்ல ஐயா, இன்னும் சாப்பிடல" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். இந்தக் கேள்விக்கு அப்படியொரு பதில் இருப்பதாக ஐம்பது வருஷத்தில் தாத்தா கேள்விப்பட்டதில்லை. ஆயா உள்ளே போய் உப்புமா கிண்டினார். மறுநாளும் கிண்டினார். மூன்றாம் நாள் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"அந்தத் தம்பிகிட்ட இனிமே 'தூரமா?'ன்னு மட்டும் கேளுங்க. நாற்காலியில உக்காந்திருக்கிறவன் எங்க போகப்போறான்?"

தாத்தா கேட்டார்.

"ரொம்ப தூரம் ஐயா. ரெண்டு நாள் ரயில்" என்று அவன் ஒற்றைப் படியில் உட்கார்ந்து, தன் ஊர் ஸ்டேஷனிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்ல ஆரம்பித்தான். தாத்தா வழக்கம்போல் அவன் தோளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. "சொல்லு" என்றார்.