இருபத்தெட்டைப் பிடித்தால் நூறும் நம் கையில்!

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. ஒன்று முதல் நூறு வரை எழுத்தால் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நூறு சொல்லையும் எப்படி மனப்பாடம் செய்வான்?
*(ஒரு தாய், தேனி)*

நூறு எதற்கு? இருபத்தெட்டு போதும். ஒன்று முதல் இருபது வரை 20 சொற்கள். முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு என 7. கடைசியில் நூறு. மிச்சமுள்ள 72 சொற்களை அவனே கட்டிக்கொள்வான்.

எடுத்துக்காட்டாக 68. அறுபது முதலில் ‘அறுபத்து’ என்று மாறும். பிறகு எட்டு வந்து சேரும்: அறுபத்து + எட்டு = அறுபத்தெட்டு. எட்டு உயிரெழுத்தில் தொடங்குவதால் முன்னாலிருக்கும் உகரம் விலகி இடம் விடுகிறது. ஒன்று முதல் ஒன்பது வரை ஏழு சொற்கள் இப்படி உயிரில்தான் தொடங்குகின்றன. மெய்யோடு தொடங்குபவை மூன்றும் நான்கும் மட்டுமே. அவற்றுக்கு உகரம் விலகாது: அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு. மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழாவுக்கு அழைத்துப் போனால் பாதிப் பாடம் தெருவிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: இருபது, முப்பது, எண்பது எல்லாம் ‘பது’ என்று முடிகின்றன. தொண்ணூறு மட்டும் ஏன் ‘நூறு’ என்கிறது? அது இன்னும் நூறு ஆகவில்லையே?
*(ஐந்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)*

சபாஷ்! ஒன்பதின் குடும்பமே அப்படித்தான். பத்தாவதற்கு முன்பே ஒன்பது ‘பது’ என்று முடிகிறது. நூறாவதற்கு முன்பே தொண்ணூறு ‘நூறு’ என்று முடிகிறது. ஆயிரமாவதற்கு முன்பே தொள்ளாயிரம் ‘ஆயிரம்’ என்கிறது. பெரியவனானதும் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையை மூவரும் இப்போதே மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். இந்தச் சொற்கள் உருவாகும் விதத்துக்குத் தொல்காப்பியமே குற்றியலுகரப் புணரியலில் தனி விதிகள் சொல்கிறது.

இதனால் 91-லிருந்து கட்டும் முறையும் மாறும். தொண்ணூறு ‘தொண்ணூற்று’ ஆகும். சோறு, சோற்றுப்பானை ஆவதுபோலத்தான். ஆகவே தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றொன்பது.

கேள்வி: ஒரு அட்டவணையில் இருபதுக்கு ௨௰ என்றும், இன்னொன்றில் ௨௦ என்றும் இருக்கிறது. எது சரி?
*(தொடக்கப்பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி)*

இரண்டும் சரி. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலப்பதுதான் தவறு.

௨௰ பழைய முறை. இதில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனிக்குறிகள் உண்டு, சுழியம் தேவையில்லை. வாயால் சொல்கிற வரிசையிலேயே கையும் எழுதும்: எழு–பத்து–எட்டு என்பது ௭௰௮. பதினொன்று ௰௧. நூறு வெறும் ௱.

௨௦ புதிய முறை. இன்றைய 0–9 எண்களைப் போலவே இடமதிப்பில் எழுதுவது. எழுபத்தெட்டு ௭௮, பதினொன்று ௧௧, நூறு ௧௦௦. பத்துக்கு ௰ என்று எழுதிவிட்டு இருபதுக்கு ௨௦ என்று எழுதிய அட்டவணையைக் கண்டால், பிள்ளை கையில் கொடுக்கும் முன் திருத்திவிடுங்கள்.

கேள்வி: கணினியில் ௧-க்குப் பதில் ‘க’ என்று தட்டினால் என்ன குடி முழுகிவிடும்?
*(அச்சகத்தில் பணிபுரிபவர், சிவகாசி)*

சில எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு ஆட்கள். ‘க’ என்னும் எழுத்து U+0B95. ஒன்று என்னும் இலக்கம் U+0BE7. நாளை யாராவது கோப்பில் ௧ என்று தேடினால் நீங்கள் தட்டிய ‘க’ அகப்படாது. உ–௨, எ–௭, அ–௮ ஆகியவற்றிலும் இதே ஆபத்து இருக்கிறது. எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். இலக்கத்தின் வால் நீண்டு, எழுத்து அப்படியே நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: கடையில் வாங்கிய அட்டவணை சரியானதுதானா என்று சட்டென்று கண்டுபிடிக்க முடியுமா?
*(ஒரு தாத்தா, காரைக்குடி)*

முடியும் ஐயா. நூறையும் படிக்க வேண்டாம், ஐந்து இடங்களில் விரலை வையுங்கள்.

12: பன்னிரண்டு. ‘பன்னிரெண்டு’ என்றால் பிழை.
19: பத்தொன்பது. பதினொன்று, பதின்மூன்று முதலியவை ‘பதின்’ வழியில் போனாலும் இது போகாது.
43: நாற்பத்து மூன்று.
80: எண்பது, மூன்று சுழி ண். ‘என்பது’ என்று அச்சாகியிருந்தால் அது எண்ணே இல்லை. ஆனாலும் அதுவும் தமிழ்ச்சொல்தான் என்பதால் பிழைதிருத்தி கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.
99: தொண்ணூற்றொன்பது. இங்கும் வருவது ‘ண்ணூ’தான், ‘தொன்னூறு’ கிடையாது.

ஐந்தும் சரியாக இருந்தால் தாராளமாகப் பேரன் படிக்கும் மேசைக்கு மேல் ஒட்டுங்கள். ஒன்று தவறினாலும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். அவரிடம் இன்னும் எத்தனை படி இருக்கின்றன என்றும் கேட்டுவிடுங்கள்.