பேனலுக்குப் பேனல் ஓடிய சூடு

தெர்மல் கேமரா மாட்டிய டிரோனைக் கையில் பிடித்த முதல் வாரத்தில் எனக்கு வந்த தைரியம், கேமரா வாங்கிய கடனைவிடப் பெரியது. கல்லல் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. தகரக் கூரை மேல் தெற்குப் பார்த்து, பத்து டிகிரி சாய்வில் பேனல்கள். மின்சாரம் குறைகிறது, எந்தப் பேனலில் கோளாறு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிப்ரவரி கடைசி வாரம். பளிச்சென்ற வெயில், வானில் மேகமே இல்லை. உச்சி வெயிலில்தான் குறை நன்றாகத் தெரியும் என்று படித்திருந்ததால் பன்னிரண்டரைக்குப் பறக்கவிட்டேன்.

பேனலுக்குள் செல்கள் எல்லாம் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரே மின்னோட்டம் எல்லாவற்றிலும் ஓடியாக வேண்டும். ஒரு செல் நொண்டினால், அது மின்சாரம் தருவதை விட்டுவிட்டு மற்ற செல்கள் தருவதைத் தின்று சூடாகிறது. சுற்றியிருப்பவை 55 டிகிரியில் இருக்கும்போது அது 80-ஐத் தாண்டலாம். அந்த ஒற்றைச் செல்லைத்தான் நான் தேட வேண்டியிருந்தது.

எனக்குக் கிடைத்ததோ ஏராளம்! ஏறக்குறைய ஒவ்வொரு படத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி. குஷியாக வட்டம் போட்டு, பேனல் எண் எழுதி, அறிக்கையை அனுப்பிவிட்டேன். ஆலை எலக்ட்ரீஷியன் ஏணி வைத்து ஏறி, கையில் பிடிக்கும் மீட்டரால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "அண்ணே, நீங்க வட்டம் போட்டது எல்லாம் பக்கத்துப் பேனல் மாதிரியேதான் இருக்கு."

வீட்டில் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. புள்ளி பேனலில் நிற்கவில்லை. படத்தின் அதே இடத்தில் நின்றது. கீழே பேனல்கள்தான் நகர்ந்தன. உண்மையான சூடான செல் பேனலோடு ஒட்டியிருக்கும். டிரோனோடு கூடவே வருவது பிரதிபலிப்பு. பக்கத்துப் பக்கத்துப் படங்கள் இரண்டை ஒப்பிட்டிருந்தாலே போதும். நான் ஒன்றொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றிலும் மகிழ்ந்திருந்தேன்.

கணக்கு இன்னும் வெட்கம். பேனல் கண்ணாடி வெப்பக் கதிரில் முழுக்க உமிழ்வதில்லை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் வானத்தைக் காட்டுகிறது. பத்து டிகிரி தெற்கே சாய்ந்த கண்ணாடியை நேர் மேலிருந்து பார்த்தால், அதில் தெரிவது உச்சியிலிருந்து இருபது டிகிரி தெற்கே உள்ள வானம். கல்லல் ஏறக்குறைய 10 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. பிப்ரவரி கடைசி வாரம், பன்னிரண்டரை வாக்கில், சூரியன் சரியாக அங்கேதான் நிற்கும். அக்டோபர் மூன்றாம் வாரத்திலும் அதே கதை. வருடத்தில் மாட்டிக்கொள்ள இருக்கும் இரண்டே வாய்ப்புகளில் ஒன்றை, மணி பிசகாமல் நான் பிடித்திருக்கிறேன்.

மறுபடி போனேன். இந்தத் தடவை டிரோனை வடக்கே நிறுத்தி, கேமராவை முப்பது டிகிரி சாய்த்துத் தெற்குப் பார்க்க வைத்தேன். அப்போது கண்ணாடியில் விழுவது உச்சியிலிருந்து ஐம்பது டிகிரி தள்ளிய வெறும் வானம். அதற்காக ரொம்பவும் சாய்க்கக் கூடாது. பேனலுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அறுபது டிகிரியைத் தாண்டினால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகவே ஆகிவிடும். அந்தக் கோட்டின் மேலேயே நின்றாலோ டிரோன் தன்னையே படம் பிடித்துக்கொள்ளும்.

உயரத்திலும் ஒரு கூத்து நடந்திருந்தது. பேட்டரி மிச்சம் என்று முதலில் அறுபது மீட்டரில் பறந்திருந்தேன். என் கேமராவுக்கு அந்த உயரத்தில் ஒரு பிக்சல் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பதினாறு சென்டிமீட்டர் செல்லுக்கு மூன்றே பிக்சல்! சூடான செல்லின் விளிம்பு பக்கத்துச் செல்லோடு கலங்கி, படத்தில் வெப்ப வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. பத்து டிகிரிக்குக் கீழே இருப்பதை விட்டுவிடு என்று நானே கோடு போட்டிருந்தேன். சர்வதேச வரையறை செல்லின் ஒரு பக்கத்துக்கு ஐந்து பிக்சலாவது கேட்கிறது. அதற்கு முப்பது மீட்டர் வாக்கில் இறங்க வேண்டும். அதையும் தரையிலிருந்து அல்ல, பேனலிலிருந்து கணக்கிட வேண்டும். திரையில் தெரியும் உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து அளப்பது என்பதை மறந்து, ஆலைக் கூரையின் உயரத்தைக் கழிக்காமல் விட்டேன். பேனலை நெருங்கியதால் படங்களின் அகலம் குறைந்து, வரிசைகளுக்கு இடையே சந்து விழுந்தது. விழுந்த இடங்களை மட்டும் திரும்பப் பறந்தேன்.

கடைசியில் மிஞ்சியது இரண்டு. ஒன்றின் மேல் மயில் எச்சம்; கழுவியதும் ஆறிவிட்டது. எங்கள் பக்கம் மயிலுக்குக் கூரை என்றால் உயிர். மற்றது கழுவிய பிறகும் சூடாகவே இருந்தது. பின்பக்கத் தாள் அந்தச் செல் அளவுக்குச் சதுரமாகப் பழுத்திருந்தது. முதல் தடவை அறிக்கையில் அந்தப் பேனல் இல்லவே இல்லை.

ஆலைக்காரர் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப முதல்ல வட்டம் போட்டதெல்லாம் என்ன தம்பி?"

"அது சூரியன்ங்க ஐயா."

"அதுக்கும் சேர்த்தா பில் போட்டிருக்கீங்க?"