டிசம்பரில் ஏழை, ஏப்ரலில் பணக்காரர்

அமெரிக்காவில் முதுகலை படிக்க விரும்பும் பையன் முதலில் தன்னை ஏழை என்று நிரூபிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கத்தான்.

பல பல்கலைக்கழகங்களின் படிவம் வருமானத்தை விசாரிப்பதற்கு முன்பே குடியுரிமையை விசாரித்துவிடும். அமெரிக்கக் குடிமகனோ நிரந்தரவாசியோ இல்லையென்றால் அந்த வறுமை அங்கே செல்லாது. ஆனாலும் சில துறைகள் வெளிநாட்டவருக்கும் இரங்குவதுண்டு. அங்கே கண்ணீர்க் காவியம் எடுபடாது; கணக்கு எடுபடும். "அப்பாவின் மாதச் சம்பளம் 15,000 ரூபாய். உங்கள் கட்டணமான 90 டாலர் அதில் பாதிக்கும் மேல். தாசில்தார் தந்த வருமானச் சான்றிதழை இணைத்துள்ளேன்." இவ்வளவு போதும்.

இடம் கிடைத்ததும் அதே பல்கலைக்கழகம் அடுத்த கடிதம் அனுப்பும். விசாவுக்கு வேண்டிய I-20 படிவம் தர, முதலாண்டுச் செலவு முழுவதற்கும் பணம் இருப்பதாகக் காட்டு என்று! டிசம்பரில் 90 டாலர் இல்லாத அப்பா, ஏப்ரலில் பல்லாயிரம் டாலருக்கு அதிபதியாக வேண்டும். வங்கிக் கடன் ஒப்புதல் கடிதமும் மாமாவின் வைப்புநிதியும் சேர்ந்து அந்த அற்புதத்தை நிகழ்த்தும். ஏழை என்ற காகிதமும் பணக்காரர் என்ற காகிதமும் உண்மை என்பதுதான் வேடிக்கை.

கட்டணத் தள்ளுபடி கேட்பதானால் கெடு தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கேளுங்கள், பதில் வரும்வரை 'Submit' பொத்தானைத் தொடாதீர்கள். கட்டிய பணத்தைப் பெரும்பாலும் திருப்பித் தரமாட்டார்கள்.