பாணி குடிக்காத நூறு பேர்

பூண்டுலோயாவுக்கு பஸ் பிந்தினாலும் வட்ஸ்அப் வைத்தியம் பிந்தாது. 2020 டிசம்பரில் வந்தது தம்மிக்க பாணி. கேகாலையைச் சேர்ந்த தம்மிக்க பண்டார தேன், சாதிக்காய் சேர்த்துக் காய்ச்சிய கொரோனா மருந்து. செய்முறை காளியம்மன் சொன்னதாம். அம்மனே சொன்ன பிறகு ஆய்வு எதற்கு? சனம் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து வரிசையில் நின்றது. கொரோனாவுக்கு அதைவிட வசதி ஏது!

அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியும் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது.

அதை வைத்துப் பாணியைத் தள்ளிவிடவும் முடியாது. ஒருவர் கதை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருவர் கதைதான்.

பக்கத்து லயத்து அக்கா விடவில்லை. "நூறு பேர் குடிச்சு, தொண்ணூறு பேருக்குச் சுகமாம், தம்பி."

"குடிக்காத நூறு பேருக்கு என்ன ஆச்சுக்கா?"

"அத யாரு எழுதுவா?"

அவர்களிலும் பெரும்பாலோர் தாமாகவே எழுந்துவிடுவார்கள், அதுதான் சங்கடம். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பாணியும் மறுபாதிக்கு அதே ருசியில் வெறும் இனிப்புத் தண்ணீரும் கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது.

அக்கா யோசித்தார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுகமானா?"

"சீனித் தண்ணியே மலிவுக்கா."