ஏற்புரை

உத்தியோகத்தை விட்டு விலகுவதில் பெரிய சிரமம் ஒன்றுமில்லை. நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் பிரிவுபசாரத்தன்று, கழுத்தில் மாலையும் கையில் எலுமிச்சம்பழமுமாக எழுந்து நின்று, மனஸ்தாபத்தின் வாடை அணுவளவும் வீசாமல் நன்றி சொல்லி உட்கார்வது இருக்கிறதே, அது சாமான்ய வித்தையன்று.

என் ராஜினாமா ஏற்கப்பட்டதும், கூட்டத்தில் பேசவேண்டிய ஏற்புரையை எழுதி, எத்தனையோ பிரிவுபசாரங்களில் கேசரி உண்டு பழுத்த எங்கள் தலைமைக் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பென்சிலைத் தீட்டிக்கொண்டு, 'இந்த ஸ்தாபனம் எனக்குப் பொறுமையைக் கற்பித்தது' என்ற வாக்கியத்தை முதலில் அடித்தார்.

"மனப்பூர்வமாகத்தானே எழுதியிருக்கிறேன், ஸார்?"

"மனசு யாருக்கு ஐயா தெரியும்? பொறுமை கற்றான் என்றால் யாரோ சோதித்தார்கள் என்று அர்த்தம். பின்வரிசையில் ஒருத்தன் களுக்கென்று சிரிப்பான். சிரிப்பு வந்ததென்றால் உமது நன்றி புகாராகிவிட்டது என்று தெரிந்துகொள்ளும்."

'இருந்தபோதிலும்' என்ற பதம் மூன்று இடங்களில் மாண்டது. மானேஜரைத் தர்மராஜனுக்கு ஒப்பிட்ட பகுதியும் போயிற்று. அளவுக்கு மிஞ்சிய புகழ்ச்சியைக் கேட்பவன் அதைப் பரிகாசமென்றே எடுத்துக்கொள்வான் என்பது அவர் சித்தாந்தம். கடைசியில் எஞ்சியது 'சபையோருக்கு வணக்கம்' மட்டும்.

"அவர் உமக்கு நிஜமாகச் செய்த உபகாரம் ஒன்றைச் சொல்லும். ஒன்றே ஒன்று போதும்."

சம்பள உயர்வு, பதவி உயர்வு முதலிய அத்தியாயங்களை ஜாக்கிரதையாகத் தாண்டி யோசித்தபோது, ஒரு வருஷமுடிவின் இரவு ஞாபகத்துக்கு வந்தது. ஐந்தொகை எடுப்பதற்கு முன் போடும் இருப்பாய்வில் 270 ரூபாய் இடித்தது. வீட்டுக்குக் கிளம்பிய மானேஜர் திரும்பி வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் எங்கேயாவது இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும், முதலில் அதைத் தேடு என்றார். தேடினோம்; 8,520 என்ற தொகை பேரேட்டில் 8,250 ஆகப் பதிந்திருந்தது. அன்றிலிருந்து எந்தக் கணக்கு இடித்தாலும் நான் முதலில் ஒன்பதால்தான் வகுக்கிறேன்.

இதை மட்டுமே கூட்டத்தில் சொன்னேன். ஏன் விலகுகிறேன் என்றோ, இனி எங்கே போகிறேன் என்றோ சொல்லவில்லை. பின்வரிசையில் சத்தமே இல்லை. மானேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்து, தழுதழுத்த குரலில், "இப்படிப்பட்டவரை விட எனக்கு மனம் வரவில்லை, ராஜினாமாவை இன்றைக்கே வாபஸ் வாங்கிக்கொள்ளட்டுமே!" என்று ஆரம்பித்தார். என் ஸ்தானத்துக்குத் தம் மருமகனைச் சிபாரிசு செய்திருந்த தலைமைக் குமாஸ்தா, தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்குமாறு உரக்க அறிவித்தார்.